தவறான தலைப்பில் போன புகார்கள்

மணிமொழிக்குக் கோபம் வந்தால் முதலில் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைப்பாள். வைப்பாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, போடுவாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்து, எங்கள் இன்டர்நெட் கம்பெனியில் பில் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறாள். பக்கத்து நாற்காலி என்னுடையது. அவள் கோபம் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும்.

அந்த வாரக் கோபத்துக்குக் காரணம் நந்தினி. புதிதாகச் சேர்ந்த பெண். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. மணிமொழி சீனியர் என்பதால் மேனேஜர் சரவணகுமார் அவளைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு எடுக்கிற கால் எல்லாம் நீளமா போகுது. அதே ஆளுங்க திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்க. இந்த மாசத்தோட போதும்னு சொல்லிடுங்க" என்றார்.

அவர் திரையில் ஒரு வரைபடம் இருந்தது. புகார்களில் பெரும்பங்கு 'தாமதக் கட்டணம்' என்ற தலைப்பில்.

"ஜனங்க நேரத்துக்குப் பணம் கட்டறதில்ல, அப்புறம் நம்மகிட்ட சண்டை. இதைக்கூட அந்தப் பொண்ணுக்குப் புரியவைக்கத் தெரியல."

"அந்தப் படமே தப்பு சார்."

"கம்ப்யூட்டர் சொல்லுதும்மா."

"கம்ப்யூட்டர் எங்க சொல்லுது? நாங்க அழுத்தறதைத்தான் அது சொல்லுது."

உண்மைதான். ஒவ்வொரு அழைப்பும் கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட், அதாவது ஒரு புகார்ப் பதிவு. அதை முடிக்கும்போது என்ன தலைப்பு என்று நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் முதலில் நிற்பது தாமதக் கட்டணம். அடுத்த அழைப்பு காத்திருக்கும் அவசரத்தில் விரல் முதல் வரிக்குத்தான் போகும்.

மணிமொழி தலைப்புகளை ஒதுக்கிவிட்டு, வாடிக்கையாளர் சொன்னதாக டிக்கெட்டில் எழுதியிருந்ததைப் படித்தாள். கூடவே பில்லைத் திறந்து, எந்த வரியைக் கேட்கிறார்கள் என்று பிரித்தாள். ஒரே பில்லுக்காக நாலு தடவை கூப்பிட்டவரை ஒருவராகவே எண்ணினாள். அவரவர் பழைய டிக்கெட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்திலும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

தாமதக் கட்டணத்துக்காகச் சண்டை போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர், அதற்கு முந்தைய மாதம் வேறொரு வரியைக் கேட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். 'விகிதாச்சாரச் சரிக்கட்டல்' என்று ஒரு வரி. பௌர்ணமிக்குக் கூட்டம் வரும் என்று லாட்ஜ்காரர்கள் வேகமான பிளானுக்கு மாறுவார்கள், முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். பழைய பிளானில் பயன்படுத்தாத நாட்களுக்குக் கழித்து, புதிய பிளானின் நாட்களுக்குக் கூட்டி, மிச்சத்தைக் கம்பெனி அந்த ஒரே வரியில் போட்டுவிடுகிறது. புரியாதவர்கள் புதுக் கட்டணம் என்று நினைத்துப் பணத்தை நிறுத்துகிறார்கள். அடுத்த மாதம் தாமதக் கட்டணம் விழுகிறது.

"தாமதக் கட்டணம் நிறைய பில்லுல வருது சார், அதுல கொஞ்சம் பேர்தான் கேக்கறாங்க. இந்த வரி வர்ற பில்லே கம்மி. ஆனா வந்தா பாதிப் பேர் கூப்பிடறாங்க. எது குழப்புதுன்னு இப்ப சொல்லுங்க" என்றாள் மணிமொழி. "நாங்க எல்லாம் பணத்தைக் கட்டுங்கன்னு சொல்லி போனை வெச்சிடறோம். நந்தினி உக்காந்து விளக்கறா. அதனாலதான் அவளையே கேட்டுக் கூப்பிடறாங்க."

சரவணகுமார் பில் போடும் பிரிவுக்குச் சொன்னார். அந்த வரியை இரண்டாகப் பிரித்தார்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பிளான், எவ்வளவு கழித்தோம், எவ்வளவு கூட்டினோம் என்று பில்லில் தெளிவாக வந்தது. நந்தினியின் வேலை பிழைத்தது.

இரண்டு மாத பில் போனதும் அழைப்புகள் நன்றாகக் குறைந்தன. சரவணகுமார் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கால் கம்மி ஆயிடுச்சு. இப்ப ஆள் ஜாஸ்தியா இருக்கு. கடைசியா சேர்ந்தது நந்தினிதானே?"

நந்தினி அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பங்கு ஸ்வீட் மேசையிலேயே கிடந்தது. மணிமொழியின் ஹெட்செட் அன்று உடைந்தே போனது.

மறுநாள் அடி அண்ணாமலையில் லாட்ஜ் நடத்தும் ஜோதியம்மாள் கூப்பிட்டார். "நந்தினி பொண்ணு இருக்குதா? இந்த வாட்டி பில்லை நானே படிச்சேன், புரிஞ்சிடுச்சு. அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"இருங்கம்மா" என்ற மணிமொழி, அழைப்பை மேனேஜர் போனுக்கு மாற்றினாள். நேராக அவர் அறைக்குள் போனாள். மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஜோதியம்மாளுக்கு பில் புரிஞ்சிடுச்சாம் சார். நந்தினி ஏன் இல்லன்னு மட்டும் புரியல. நீங்களே விளக்குங்க."

சொல்லிவிட்டு அவளே ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினாள்.

"ஹலோ" என்றார் ஜோதியம்மாள். "நந்தினியா? பேசும்மா."