நாற்பத்தெட்டு வயதில் தொடங்கிய சேமிப்பு

வட்டுக்கோட்டையில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை. என் கணவர் தனியார் பஸ் ஓட்டுபவர். இருவருக்கும் பென்சன் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. வருடாவருடம் சீட்டுக் கட்டுவேன். எடுத்த காசு கூரைக்கும், மகளின் படிப்புக்கும் போய்விடும். அதில் எனக்கு மனவருத்தம் எதுவும் இருந்ததில்லை.

மகள் வேலைக்குப் போன வருடத்தில்தான் அவளுக்காக எடுத்த வங்கிக் கடனும் முடிந்தது. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு. கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன்.

"தங்கச்சி, இனி எனக்கெண்டு சேர்க்கலாமோ? பிந்திப் போச்சுதோ?"

அவள் சிரிக்கவில்லை. "எத்தினை வயசு மட்டும் கடை நடத்துவியள், அக்கா?"

"அறுபத்தைஞ்சு மட்டும்."

"பதினேழு வருசம் கிடக்கு. பிந்தினதாலை கூடச் சேர்க்க வேணும், அவ்வளவுதான். தவணைக் காசு இல்லாமலே இத்தினை வருசம் சீவிச்சனீங்கள்தானே? அதை அப்பிடியே இஞ்சை போடுங்கோ."

முதலில் ஆறு மாதச் செலவுக்குரிய காசைத் தனியே சேர்க்கச் சொன்னாள், வருத்தம், ஆஸ்பத்திரி என்று வந்தால் எடுக்க. அது நிறைந்த பிறகு, மாதக் காசில் மூன்றில் இரண்டு பங்கை நிலையான வைப்புக்காகச் சேர்க்கத் தொடங்கினேன். மிச்சம் ஒரு பங்கு யூனிட் ட்ரஸ்டுக்கு. பலபேரின் காசைச் சேர்த்துப் பல கம்பனிப் பங்குகளில் போடுவார்கள். வைப்பு வட்டியை விலைவாசி தின்றாலும் இது நீண்ட காலத்தில் வளரக்கூடும் என்றாள். "ஆனா விழவும் விழும். அஞ்சு வருசத்துக்குள்ளை தேவைப்படுற காசை இதிலை போடாதேங்கோ."

அவள் சொன்னபடியே விழுந்தது. இரண்டாம் வருடம் வந்த கணக்குத் தாளில், போட்டதைவிடக் குறைவான தொகை. அதைப் பார்த்த என் கணவர் தாளை என் முன்னால் நீட்டினார்.

"இஞ்சை பாரும், இருக்கிறதையாவது எடுத்துப்போடும்."

எனக்கும் பயம்தான். ஒரு முழுநாள் பிரிண்டருக்குத் தாள் வைக்கவும் மறந்து திரிந்தேன். மறுநாள் வங்கிக்குப் போனேன்.

"அந்தக் காசு இப்ப உங்களுக்குத் தேவையோ, அக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை."

"அப்ப ஏன் நட்டத்துக்கு விக்கிறியள்? மாதாமாதம் போடுற அதே காசுக்கு இப்ப கூட யூனிட் கிடைக்கும். எப்ப ஏறுமெண்டு என்னாலை சொல்ல ஏலாது. பயம் தாங்கேலாட்டில் யூனிட் ட்ரஸ்டிலை போடுறதைக் கொஞ்சம் குறையுங்கோ."

பத்து நிமிடம் யோசித்தேன். குறைக்கவில்லை.

அது மீள ஒன்றரை வருடம் சென்றது. அந்தக் காலத்தில் ஒரு மாதமும் நான் தவறவிடவில்லை. பாடசாலைத் தவணை தொடங்கும் மாதங்களில் கடை வருமானம் கூடும்போது கொஞ்சம் சேர்த்தும் போட்டேன். இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. வைப்பும் யூனிட்டும் சேர்ந்த மொத்தம் பெரிதல்ல, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் முந்தினதைவிடப் பெரிதாக இருக்கிறது. ஐம்பத்தைந்து கடந்ததும் பங்குகளில் உள்ளதைப் படிப்படியாக வைப்புக்கு மாற்றுவதாக இருக்கிறேன்.

போன மாதம் பஸ்ஸால் இறங்கி வந்த என் கணவர், சட்டைப் பைக்குள் இருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"எனக்கும் ஒரு கணக்குத் திறக்க வேணும். நாளைக்கு லீவு. நீரும் வாறீரோ?"

"ஓம், வாறன்," என்றேன்.