ஊசிக்கு முன்னே வந்த பேதி

அறுபதுகளில் கடலூர்க் குப்பங்களில் காலரா ஊசி போடுவது என் வேலை. "நீ போற ஊர்லல்லாம் பேதி வருது, போயிடு" என்று ஒரு குப்பத்துப் பெண்கள் வழிமறித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால், பேதி கண்ட ஊருக்குத்தானே எங்களை அனுப்பினார்கள்; அவர்கள் கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்!

"இங்க மொதல்ல பேதி எப்ப வந்துச்சு?"

"கடலுக்குப் போகாத அமாவாசையன்னிக்கு."

"நான் வந்தது?"

கூட்டத்தில் பெரிய குரல்காரி விரல் மடக்கி எண்ணினாள். "நாலு நாள் கழிச்சு."

அது மட்டும் போதாது என்று, பேதியே இல்லாத மூன்று குப்பங்களில் ஊசி போட்டேன். மீன் விற்கப் போன அவளே அங்கெல்லாம் மாதம் முழுக்க விசாரித்தாள். எங்கும் பேதி வரவில்லை.

மறு வருஷம் எங்கள் ஆபீஸ் வாசலில் அதே குரல்: "இந்தத் தடவ பேதிக்கு முந்தி நீ வா!"

நெஞ்சு நிமிர்ந்துதான் போனேன்.