தலைப்பில் பிரம்பு, பெட்டியில் பனையோலை

என் கணவர் வேலை செய்த காலம் முழுவதும் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியின் ஆவணப் பிரிவில்தான் இருந்தார். சரக்கு என்னவென்று எழுதும் இடத்தில் யாராவது வெறுமனே ‘பொருட்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். ‘மரச் சாமான்’ என்றால் என்ன மரம் என்று கேட்பார். வீட்டிலும் அப்படித்தான். கத்தரிக்காய் வாங்கிவந்தேன் என்றால் ஊதாவா, பச்சையா என்பார். இப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசான காரியம் அல்ல.

அந்த அலுவலகம் ஆட்களைக் குறைத்தபோது இவரையும் அனுப்பிவிட்டது. அதன் பிறகு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனியில் உட்கார்ந்து, கடற்கரை ரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. பேசாத மனிதர் கோபக்காரரை விடக் கஷ்டம். அதனால்தான் பனையோலைப் பெட்டி யோசனையை நான் கிளப்பினேன். மன்னாரில் ஒரு பெண்கள் சங்கம் அருமையாகப் பெட்டி முடைகிறது. அவர்களிடம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பலாம், கப்பல் வேலை உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடுதானே என்றேன். கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் சின்ன அறை கிடைத்தது. ஏற்றுமதிக்குப் பதிவு செய்தோம். உலகம் முழுவதும் மொத்த வியாபாரிகள் வந்து தேடும் இணையத் தளம் ஒன்றில் ஒரு வருடத்துக்கு உறுப்பினர் ஆனோம்.

அந்தத் தளத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தலைப்பு எழுத வேண்டும். வாங்குகிறவர் தேடும்போது முதலில் கண்ணில் படுவது அதுவும் ஒரு படமும்தான். அதற்குக் கீழே, என்ன பொருளால் ஆனது, குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும், மாதிரி கிடைக்குமா என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். என் கணவர் ஒரு கிழமை மற்ற நாட்டுக்காரரின் தலைப்புகளைப் படித்தார். பிறகு தானும் ஒன்று எழுதினார்: ‘ஹோல்சேல் ஈக்கோ ஃப்ரெண்ட்லி நெச்சுரல் ரட்டான் சீகிராஸ் விக்கர் பாஸ்கெட், ஃபெக்டரி டிரெக்ட், மினிமம் ஓடர் ஐந்நூறு செட்.’

வாசித்துவிட்டு நான் திடுக்கிட்டேன்.

“ரட்டான் எண்டா பிரம்பு. சீகிராஸ் எண்டா கடல் புல்லு. எங்கடை பெட்டி எங்கை இதுக்குள்ளை?”

“பனையோலை எண்டு ஒருத்தரும் தேட மாட்டினம். அவை தேடுற சொல்லைப் போட்டாத்தான் எங்கடை படம் மேலை வரும். எல்லாரும் இப்பிடித்தான் போடினம். உமக்கு இதெல்லாம் விளங்காது.”

“ஃபெக்டரியோ? ஹார்ட்வெயார் கடை மேல்மாடியோ?”

“சின்ன ஆக்களெண்டு தெரிஞ்சா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம். அதுக்குத்தான் ஐந்நூறு.”

உமக்கு விளங்காது என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. போய் நன்றாகப் பட்டுத் தெளியுங்கோ என்று சொல்லாத குறையாக விட்டுவிட்டேன். அவர் பல்கனியை விட்டு எழுந்ததே பெரிய காரியம் என்று ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது.

வாங்குகிறவர்களின் விசாரணைகள் வந்தன என்பது உண்மைதான். மளமளவென்று வந்தன. ஒருவர் பிரம்புக் கதிரை செய்வீர்களா என்று கேட்டார். இன்னொருவர் ஒரு கொண்டெய்னர் கடல்புல் கூடைக்கு ஆகக் கூடிய விலைக் கழிவு என்ன என்று கேட்டார். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் அழகான ஆங்கிலத்தில் பதில் எழுதினார். எழுதி அனுப்பியதோடு சரி, அந்தப் பக்கத்தில் மூச்சுப் பேச்சில்லை. வருடம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ஒரே ஒருவர் மட்டும் மாதிரி கேட்டார். அனுப்பினோம். பெட்டி போய்ச் சேர்ந்ததும் அவர் எங்களிடம் ஒரு சொல்கூடச் சொல்லாமல் தளத்துக்கு முறைப்பாடு போட்டுவிட்டார். தலைப்பில் பிரம்பு, கையில் கிடைத்தது ஏதோ ஓலை என்று. தளம் எங்கள் பக்கத்தைத் தூக்கிவிட்டு ஓர் எச்சரிக்கையும் அனுப்பியது. இன்னொரு முறை இப்படி நடந்தால் உறுப்புரிமையே போய்விடும்.

அதே கிழமை ஏஜென்சியில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. இவரிடம் வேலை பழகியவர், கொழும்புக்குப் பக்கத்து ஹெந்தளைக்காரர், இப்போது அந்தப் பிரிவுக்கே மனேஜர். நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல முடியாது.

“அண்ணே, ஒரு சீட் காலியாகுது. டைப் பண்ணுற வேலதான். நீங்க வாறீங்கன்னா நான் வெச்சிருக்கேன். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டு என் கணவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “போவம் எண்டு நினைக்கிறன். அறையை விடுவம்.”

எனக்கு அது பிடிக்கவில்லை. வேலை சின்னது என்பதற்காக அல்ல. உழைத்துச் சாப்பிட எந்த மேசையும் ஒன்றுதான். ஆனால், தோற்றுப்போனேன் என்ற முகத்தோடு அவர் அந்தப் படியேறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கும் அந்த அறை வேண்டியிருந்தது. ஓலை வாசம், கீழே ஆணி நிறுக்கும் சத்தம், நானே விலை பேசி நானே பெட்டி தட்டிப் பார்த்து எடுப்பது, எல்லாம் வேண்டியிருந்தது. அத்தனை வயதில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை அது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எச்சரிக்கையில் இருந்த அந்தத் தலைப்பைத் திறந்து, கணினியை அவர் முன்னால் தள்ளினேன்.

“இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கிறன். இந்தத் தலைப்பைச் சரக்கு அனுப்புற ஒரு ஷிப்பர் உங்கடை மேசைக்குக் கொண்டு வந்திருந்தா என்ன செய்திருப்பியள்? பனையோலைப் பெட்டியைப் பிரம்பு எண்டு எழுதிக் கொண்டு வந்தா?”

அவர் திரையைப் பார்த்தார்.

“கிழிச்சு முகத்திலை எறிஞ்சிருப்பன்” என்றார்.

“எறியுங்கோவன்.”

சிரித்துவிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறகு பழைய மனிதர் மெல்ல மெல்ல வெளியே வந்தார். பிரம்புக்குச் சுங்கக் குறியீடு வேறு, ஓலைக்கு வேறு. பிரம்பு என்று நம்பி எடுத்திருந்தால் அந்த ஆள் அங்கே சுங்கத்தில் மாட்டியிருப்பார். முறைப்பாடு போட்டது சரிதான் என்று எனக்கே வகுப்பு எடுத்தார். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். விற்பனைக்கு வேறு பாஷை வேண்டும் என்று அவர் நினைத்ததுதான் பிழை. அவருக்குத் தெரிந்த பாஷையே போதுமாக இருந்தது.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனை அறையின் தரையில் சோக்கால் ஒரு மீற்றர் சதுரம் கீறினார். சுவரில் ஒரு மீற்றர் உயரத்தில் நூல் கட்டினார். கப்பலில் மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது ஒரு கன மீற்றருக்குக் குறைந்தாலும் ஒரு கன மீற்றருக்கே அறவிடுவார்கள். அதை நிரப்ப எத்தனை பெட்டி வேண்டுமோ அதுதான் நியாயமான குறைந்தபட்ச ஓடர் என்றார். எங்கள் மூடிப் பெட்டிகள் மூன்று அளவு. சின்னது நடு அளவுக்குள்ளும், நடு அளவு பெரியதற்குள்ளும் போகும். ஒவ்வொரு அட்டைப் பெட்டிக்கும் இரண்டு செட் வைத்து, நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் அடுக்கினார். நூலைத் தொட்டபோது இருபது செட். மன்னாருக்குப் போன் போட்டேன். ஒரு மாதத்தில் இருபது செட் தாராளமாகச் செய்வோம், ஐந்நூறு என்று முன்பு நீங்கள் போட்டதைக் கேட்டு நாங்கள் நடுங்கிப்போனோம் என்றார் சங்கத் தலைவி.

புதுத் தலைப்பை இப்படி எழுதினார், தமிழில் சொன்னால்: ‘கையால் முடைந்த பனையோலை மூடிப் பெட்டி, மூன்று அளவு கொண்ட செட், சாயமிடாதது, இலங்கை, குறைந்தபட்ச ஓடர் 20 செட்.’ ஆங்கிலத்தில் பல்மைரா பாம் லீஃப் என்று வந்தது. பாம் லீஃப் என்று தேடுகிறவர்கள் இருப்பார்கள் என்பது என்னுடைய கண்டுபிடிப்பு. அதை இப்போதும் அவருக்கு ஞாபகப்படுத்துவதுண்டு. கீழே உள்ள கட்டங்களிலும் அதே பொருள், அதே இருபது. வெயிலில் நிறம் கொஞ்சம் கருக்கும் என்பதையும் எழுதினார். அதை ஏன் எழுதுகிறீர்கள் என்றேன். கருக்குமே, என்றார்.

அதன் பிறகு விசாரணைகள் நின்றுவிட்டன. ஒன்றுகூட இல்லை. நான்தான் இவரைக் கிளப்பிவிட்டுக் கெடுத்தேனோ என்று இரவில் நித்திரை வரவில்லை. மாசக் கடைசி நெருங்கியது. அவர் பழைய அலுவலகச் சட்டைகளை ஸ்திரிக்கை செய்து மடித்து வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நான் கறிக்கு உப்புப் போட மறந்தேன்.

அப்போதுதான் டென்மார்க்கில் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியிடம் இருந்து மூன்று வரி வந்தது. இருபது செட் என்றால் எல்லாமே மூன்று அளவாகத்தான் இருக்க வேண்டுமா, பெரியதில் மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் எடுக்கலாமா? சாயமில்லை என்பது மூடிக்கும் சேர்த்தா? கருக்கும் என்றீர்களே, எவ்வளவு கருக்கும்?

என் கணவர் எழுந்து நின்றுவிட்டார்.

“வாசிச்சிருக்கிறா. முழுக்க வாசிச்சுப்போட்டுக் கேக்கிறா” என்றார்.

இருபது செட்டும் அப்படியே எடுத்தால்தான் ஒரு கன மீற்றருக்குள் அடங்கும், பெரியது கூடினால் கப்பல் கூலியும் கூடும் என்று அவர் கணக்கோடு பதில் எழுதினார். அறை ஜன்னலில் மாதக்கணக்காக வெயில் குடித்த பெட்டியையும் புதிய பெட்டியையும் பக்கத்தில் வைத்து நான் படம் எடுத்து அனுப்பினேன். மாதிரி போனது. அந்தப் பெண்மணி தட்டிக் கொட்டிப் பார்த்து இன்னும் சில கேள்வி கேட்டார். பிறகு இருபது செட்டுக்கு ஓடர் போட்டார். அன்றைக்கு நான் அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். கீழே கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார்.

ஹெந்தளைக்காரருக்கு இவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். பெட்டிகள் மன்னாரில் இருந்து வந்தன, புகையடித்தோம், பூச்சி இல்லை என்ற அரசாங்கச் சான்றிதழ் எடுத்தோம், சரக்கு அதே ஏஜென்சி மூலமாகத் துறைமுகத்துக்குப் போனது. ‘பீ.எல்’ என்கிற கப்பல் பத்திரத்தின் நகல் முதலில் வரும், அதில் பிழை இருந்தால் சொல்ல வேண்டும். அது ஈமெயிலிலேயே வரும், நேரில் போகத் தேவையே இல்லை. இவரோ ஸ்திரிக்கை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு என்னையும் வரச் சொன்னார்.

ஏஜென்சியின் அதே படி. நான் முதல் முறையாக ஏறினேன். மனேஜர் எழுந்து ஓடி வந்தார்.

“அண்ணே! வாங்க வாங்க. மாசக் கடைசி போய் எவ்வளவு நாளாச்சு, ஆனாலும் சீட்ட இன்னும் யாருக்கும் குடுக்கல்ல. நீங்க ஒண்ணும் சொல்லல்லயே.”

என் கணவர் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்த வாடிக்கையாளர் கதிரையை எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“நாங்கள் இந்தப் பக்கம் இருக்கிறம் தம்பி. முதல் எங்கடை பீ.எல் நகலைத் தாரும்.”

வாங்கி வரிவரியாக வாசித்தார். பொருள் விவரத்தில் ‘ஓலைப் பெட்டி’ என்று மட்டும் அடித்திருந்தார்கள். பேனாவால் அதில் ஒரு வட்டம் போட்டு, என்ன ஓலை என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.