நோட்டீஸின் கடைசி இரண்டு வரிகள்

என் தங்கையின் நிக்காஹ்வுக்கு முந்தின நாள் காலையில்தான் அந்தப் படம் வந்தது. ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் கழித்து, மூன்று வார விடுப்பில் புதுச்சேரிக்கு வந்திருந்தேன். வீடு முழுக்க ஆள். கூடத்தில் பாய் விரித்து மருதாணி போடும் பெண் உட்கார்ந்திருந்தாள். தங்கையின் இரண்டு கையும் முழங்கை வரை பச்சையாக இருந்தன. எனக்கு இடது கையில் மட்டும் போட்டு முடித்திருந்தாள்.

படத்தை அனுப்பியவர் என் வார்டிலேயே வேலை செய்யும் கேரளத்து நர்ஸ். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். நான்கு நாள் ஆஃபுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் காலை டூட்டிக்குப் போயிருக்கிறார். எங்கள் டூட்டி அறைப் பலகையில் புது நோட்டீஸ் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். ஆறு மணிக்கு வேலை தொடங்கும் அவசரத்தில் போனில் பிடித்து, "இதை உடனே பார், இன்றைக்குத்தான் கடைசி நாள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். நம்மூரில் அப்போது மணி பத்தரை.

நோட்டீஸ் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மேலே எரிந்த டியூப்லைட் அதில் பட்டு, கீழ்ப்பகுதி வெள்ளையாகத் தெறித்திருந்தது. எனக்கு ஜெர்மன் தெரியும். பரீட்சை எழுதித்தான் போனேன். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பேன், டாக்டருக்கு ரிப்போர்ட் கொடுப்பேன். ஆனால் நிர்வாகம் எழுதும் ஜெர்மன் வேறு. ஒரு வாக்கியம் நான்கு வரி ஓடும். வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். அதனால் படத்தை அப்படியே மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டேன்.

அதில் புரிந்தது இவ்வளவு. அடுத்த மாத டூட்டி பட்டியலுக்கான விருப்பங்களை இன்று மதியம் பன்னிரண்டுக்குள் சொல்ல வேண்டும். ஒருவருக்கு இரண்டு விருப்பம் மட்டும். பட்டியல் வந்தபிறகு டூட்டி மாற்றிக்கொள்வதானால் இருவரும் கையெழுத்துப் போட்டு வார்டு பொறுப்பாளரின் அனுமதி வாங்க வேண்டும். ஒரு டூட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் பதினோரு மணி நேர ஓய்வு இல்லாத மாற்றத்துக்கு அனுமதி கிடையாது. நான்காவது பாயிண்ட், டூட்டி அறையில் இருக்கும் ஃபைலில் அவரவர் கையால் எழுதினால்தான் செல்லும், போனில் சொன்னாலோ இன்னொருவர் எழுதினாலோ செல்லாது என்றது. அதற்குமேல் மீதி வெளிச்சத்தில் மறைந்துவிட்டது.

அடுத்த மாதம்தான் நோன்புப் பெருநாள்.

போன வருஷம் பெருநாளன்று எனக்குக் காலை டூட்டி. கேட்கத் தெரியாமல் விட்டுவிட்டேன். பதினான்கு படுக்கைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, இடைவேளையில் மருந்து அறை ஓரமாக நின்று அம்மாவிடம் வீடியோவில் சலாம் சொன்னேன். அவர் பிரியாணித் தட்டைக் காட்டினார். நான் கையிலிருந்த பிஸ்கட்டைக் காட்டினேன். இந்த வருஷம் அப்படி ஆகாது என்று ஊருக்குக் கிளம்பும்போதே நினைத்திருந்தேன். இப்போது ஃபைல் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எழுத வேண்டிய நான் ஒரு கை மருதாணியோடு இங்கே இருக்கிறேன்.

முகம் மாறியதைத் தங்கை கவனித்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அச்சகத்தில் டி.டி.பி. வேலை. நாள் முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகளில் பிழை பார்ப்பவள். "போனைக் கிட்ட காட்டு" என்றாள். கை இரண்டையும் தூக்கிப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள்.

"அக்கா, மேல மூணு பாயிண்டும் புள்ளி வச்சி முடிச்சிருக்காங்க. நாலாவதுல கமா இருக்கு பாரு. அதுக்கப்புறம் இன்னும் என்னமோ சொல்ல வராங்க. கீழ வெள்ளையா இருக்கற எடத்துல அஞ்சுன்னு ஒரு நம்பரு கூடத் தெரியுது."

ஜெர்மன் ஒரு எழுத்துத் தெரியாதவள் சொன்னது. நான் பார்த்தேன். கமாதான்.

சேச்சிக்கு எழுதினேன்: கீழ்ப்பகுதி தெரியவில்லை, உறையிலிருந்து எடுத்து இன்னொரு படம் அனுப்புங்கள். ஆனால் வார்டில் வேலை நேரத்தில் யாரும் போனைத் தொடமாட்டோம். ஒன்பது மணி இடைவேளையில்தான் பார்ப்பார். நம்ம நேரம் ஒன்றரை. அதுவரை நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தா பந்தல்காரரோடு போய் வந்தார். மாமி வந்து கன்னத்தைக் கிள்ளி, அங்கே சோறு போடுவதில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன்.

ஒன்று முப்பத்தைந்துக்குப் படம் வந்தது. இந்த முறை ஆப்பில் போடவில்லை. வரி வரியாக நானே படித்தேன். நான்காவது பாயிண்டின் மீதி: விடுப்பிலோ நோயிலோ இருப்பவர்கள் மட்டும், அதே நேரத்துக்குள் வார்டு பொறுப்பாளருக்கு ஈமெயிலில் எழுதலாம். ஐந்தாவது: கிறிஸ்துமஸ் நாட்களில் வேலை செய்தவர்களுக்கு, ஈஸ்டருக்கோ அவரவர் மதத்தின் பண்டிகைக்கோ முன்னுரிமை, விருப்பத்தோடு அதையும் குறிப்பிட வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையும் மறுநாளும் நான் வேலை செய்திருந்தேன். சேச்சி பூசைக்குப் போகட்டும் என்று அவருடைய மாலை டூட்டியையும் நானே வாங்கிக்கொண்டேன். படத்தோடு அவர் ஒரு குரல் செய்தியும் அனுப்பியிருந்தார். அன்றைக்கு எனக்காகச் செய்தது இன்றைக்கு உனக்கே உதவுகிறது பார் என்றார், அதில் சிரிப்புதான் பாதி.

மணி இரண்டு. அங்கே பன்னிரண்டு என்றால் நமக்கு நான்கரை, அதற்குள் ஈமெயில் போக வேண்டும். ஆனால் என்ன கேட்பது? பெருநாள் எந்த நாள்? அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"பெறை தெரியாம பெருநாள் எப்பன்னு யாருக்குடி தெரியும்?" என்றார், நிமிராமலே.

அதுதான் சிக்கல். எங்கள் வார்டில் துருக்கியப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவர்களுக்குக் கணக்குப்படி ஒரு வருஷம் முன்னாலேயே நாள் குறித்துக் காலண்டரில் போட்டுவிடுவார்கள். நான் தொழப் போகும் பள்ளிவாசலில் பிறை பார்த்துத்தான் சொல்வார்கள். முந்தின மாலைதான் தெரியும். இரண்டு நாளில் ஒன்று. இரண்டு நாளும் ஆஃப் கேட்டால் விருப்பம் இரண்டும் தீர்ந்துவிடும், கேட்கவும் கூச்சமாக இருந்தது. இரண்டாவது பாயிண்டை மறுபடி படித்தேன். விருப்பம் என்றால் ஆஃப் மட்டுமல்ல, குறிப்பிட்ட டூட்டியும் கேட்கலாம் என்று இருந்தது. பெருநாள் தொழுகை காலையில். மாலை டூட்டி ஒன்றரை மணிக்குத்தான் தொடங்கும். முதல் நாள் ஆஃப், இரண்டாம் நாள் மாலை டூட்டி. எந்த நாளில் பெருநாள் வந்தாலும் காலை என்னுடையது.

முதலில் எழுதியதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. நம்மூர் ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்டுக்கு எழுதுகிற மாதிரி, தொந்தரவுக்கு மன்னிப்பு, தங்கை கல்யாணம், குடும்ப நிலைமை என்று ஏழு வரி போயும் கேட்க வந்தது வரவில்லை. அழித்தேன். அங்கே கேட்பதை முதல் வரியில் கேட்க வேண்டும். அது மரியாதைக் குறைவு இல்லை, படிப்பவரின் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதை. இது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வலது கட்டைவிரலால் மட்டும் தட்டினேன். தேதிகளை மட்டும் விட்டுவிட்டுத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"வணக்கம். புதிய நோட்டீஸின் படம் இன்று கிடைத்தது. நான் விடுப்பில் இருப்பதால் நான்காவது விதியின்படி ஈமெயிலில் எழுதுகிறேன். அடுத்த மாதத்துக்கு என் இரண்டு விருப்பங்கள்: முதல் நாள் ஆஃப், அதற்கு அடுத்த நாள் மாலை டூட்டி. காரணம் எங்கள் நோன்புப் பெருநாள். அது இந்த இரண்டு நாளில் எது என்பது முந்தின மாலை பிறை தெரிந்தால்தான் முடிவாகும். கிறிஸ்துமஸின் இரண்டு நாளும் வேலை செய்திருப்பதால் ஐந்தாவது விதியையும் குறிப்பிடுகிறேன். நான் கேட்டதுபோலக் கொடுத்தால் பதினோரு மணி நேர ஓய்வுக்கும் இடைஞ்சல் வராது."

தேதிகளை இரண்டு முறை சரிபார்த்தேன். கடைசியில், வார்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று சேர்த்தேன். அது தேவையில்லைதான். ஆனால் அதுவும் இல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. மூன்று மணி பத்துக்கு அனுப்பினேன்.

பதில் மாலை ஆறு மணிக்கு வந்தது. கைக்கு எண்ணெய் தடவி மருதாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தங்கை போனை எடுத்துக் காட்டினாள். பொறுப்பாளர் எப்போதும் போலச் சுருக்கமாக எழுதியிருந்தார். கடிதம் நேரத்துக்குள் வந்தது, விருப்பம் இரண்டும் செல்லும். பட்டியல் வெளியாகும்வரை உறுதி தர முடியாது, ஆனால் பென்சிலால் குறித்துவிட்டேன். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: "துருக்கியத் தோழிக்குப் பெருநாள் நிச்சயமாக முதல் நாள்தானாம். நிலா ஒன்றுதானே, உங்களுக்குள் யார் சொல்வது சரி?"

அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். அதையே அன்றைக்கு வீட்டுக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னார். மறுநாள் நிக்காஹ் நன்றாக நடந்தது. தங்கை, மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னைக் காட்டி, "கமாவக் கூட கவனிக்காத நர்ஸ் இவங்கதான்" என்று அறிமுகப்படுத்தினாள்.

திரும்பிப் போன பிறகு பட்டியல் வெளியானது. கேட்டபடியே இருந்தது.

அந்த இரண்டு நாளில் முதல் நாள் துருக்கியத் தோழிக்குப் பெருநாள். எனக்கு முப்பதாவது நோன்பு. புது உடுப்பில், கையில் இனிப்பு டப்பாவோடு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் நோன்பில் இருப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். உள்ளே வந்து உட்கார்ந்து, மறுநாளைக்காக வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் நோன்பு திறந்ததும் முதலில் அவள் டப்பாவைத்தான் திறந்தேன்.

மறுநாள் காலை தொழுதேன். அம்மாவோடு வீடியோவில் முழுசாக ஒரு மணி நேரம் பேசினேன். பிறகு பெரிய பாத்திரத்தில் பிரியாணியைத் துணி சுற்றிக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மாலை டூட்டிக்குப் போனேன். பொறுப்பாளர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஒரு தட்டு எடுத்துக்கொண்டார். காரத்தில் கண் கலங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

"அப்போ, எந்த நாள் சரி?" என்று கேட்டார்.

இரண்டு நாளும்தான் என்றேன். சேச்சி பிரியாணித் தட்டோடு பின்னாலிருந்து, அடுத்த வருஷமும் இரண்டு நாளாகவே வரட்டும் என்றார்.