சாவுகிராக்கிக்கு ஆங்கிலம்

என் தொழில் மொழிபெயர்ப்பு. பெரும்பாலும் பத்திரங்கள், உயில்கள், பிறப்புச் சான்றிதழ்கள். மந்தைவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, அதுதான் அலுவலகம். அடையாற்றில் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தபோது, ஏதோ ஒப்பந்தம் என்றுதான் நினைத்தேன். வந்தவை வாட்ஸ்அப் செய்திகள்.

நடந்தது இது. எந்த வீட்டுக்கு எந்த டெக்னீஷியன் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற பெண் அங்கே ஒருவர் இருந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவருக்குக் கீழ் வேலை செய்த டெக்னீஷியன் ஒருவர் திடீரென்று அலுவலக வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறினார். இரண்டு நாள் வேலைக்கும் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பதிலில்லை. அலுவலகத்தில் யாரோ அந்தப் பெண்ணின் செய்திகளைக் கைப்பேசியில் மொழிபெயர்க்கவைத்து, வெளிநாட்டில் இருந்த, தமிழ் தெரியாத இயக்குநருக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் படித்த இயக்குநர் பயந்துபோனார். கொலைமிரட்டல் என்றார். விசாரணை முடியும்வரை அந்தப் பெண் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு.

மனிதவள அதிகாரி எனக்கு அந்தக் கைப்பேசி மொழிபெயர்ப்பையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். "சாவு வாடிக்கையாளரே, வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா?" என்பது முதல் வரி. "வீடு கட்டி உன்னை அடிப்பேன்" என்பது இரண்டாவது. தமிழ் தெரியாமல் படித்திருந்தால் நானும் கொலைமிரட்டல் என்றுதான் சொல்லியிருப்பேன்.

செய்திகள் எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். முதலில் அவற்றை ஒவ்வொன்றாகத் தமிழ் எழுத்துக்கு மாற்றினேன். பிறகு, துண்டு துண்டாக வேண்டாம், படங்களோடு முழு உரையாடலும் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அதில் ஒரு புகைப்படம் இருந்தது. அடையாறு சிக்னலில் அந்த டெக்னீஷியன் ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிவிட்டு வெறுந்தலையோடு நிற்கிறார். அதற்குக் கீழே அந்தப் பெண்: "டேய் சாவுகிராக்கி, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" லஸ் முனையில் பார்க்காமல் ரோட்டைக் கடந்து, ஆட்டோக்காரர்களிடம் நானே எத்தனை முறை வாங்கிக்கட்டிக்கொண்ட வசவு!

இரண்டாவது வரியில் இருந்த 'வூடு கட்டி அடிப்பேன்'தான் எனக்குச் சரியாகப் புரியவில்லை. நான் மயிலாப்பூரில் 'ஆத்துல' என்று பேசி வளர்ந்தவள். சென்னைத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்த மொழி, வாயில் வந்த மொழி இல்லை. தெரிந்த மாதிரி எழுதிவிடக் கூடாது. ரயில் ஸ்டேஷன் வாசலில் வழக்கமாக என்னை ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரரிடம், யார் சொன்னது என்று சொல்லாமல், அந்தச் சொல்லை மட்டும் கேட்டேன்.

"வூடு கட்றதா? அது சிலம்பத்துல வர்றதும்மா. கம்ப சுத்திக்கினு நாலா பக்கமும் காலு மாத்தி வச்சி வருவாங்கோ, அதான் வூடு கட்றது. அப்டி சுத்தி நின்னு அடிப்பேன்னு சொல்றது."

"நிஜமா அடிக்கப்போறவா சொல்வாளா?"

அவர் சிரித்துவிட்டார். "நெசமா அடிக்கறவன் இன்னாத்துக்கு சொல்லிக்கினு கீறான்? இது தோஸ்துங்கோ பேசிக்கறது."

ஒவ்வொரு செய்திக்கும் நான்கு கட்டம் போட்டேன்: மூலம், சொல்லுக்குச் சொல் பொருள், உண்மையில் சொல்ல வந்தது, அது எவ்வளவு சுடும் என்பது. சாவுகிராக்கிக்கு ஆங்கிலத்தில் நான் எழுதியதைத் திருப்பித் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "உயிர்மேல் ஆசை இல்லையா உனக்கு? (சாலையில் கவனமில்லாதவர்களைத் திட்டும் சென்னை வழக்கு. முரட்டுத்தனமானது, மிரட்டல் அல்ல.)" முரட்டுத்தனமானது என்பதை நான் விடவில்லை. மல்லிகைப்பூவாக மாற்றுவதற்கு எனக்கு உரிமை இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கிடந்தது. "தெத்துவாயன் பேசி முடிக்கங்காட்டியும் கஸ்டமரே தூங்கிடுவாரு." கைப்பேசி, தெத்துவாயன் என்பதை ஒரு ஆளின் பெயர் என்று நினைத்து அப்படியே விட்டிருந்தது. அதனால் இயக்குநர் அதைக் கவனிக்கவே இல்லை. அதற்கு அடுத்த வரி: அந்த டெக்னீஷியன் குழுவிலிருந்து வெளியேறினார்.

அதற்கு இப்படி எழுதினேன்: "அந்தத் திக்குவாய் பேசி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் தூங்கிவிடுவார். (பேச்சுக் குறையைக் குத்திக் காட்டும் சொல். விளையாட்டாகச் சொன்னாலும் புண்படுத்தும்.)"

மறுநாள் மனிதவள அதிகாரி அழைத்தார். "மேடம், பிரமாதமா பண்ணியிருக்கீங்க. அந்தக் கடைசி வரிய மட்டும் கொஞ்சம் மென்மையாப் போட முடியுமா? பாவம், அந்தம்மா தப்பிச்சுப்பாங்க."

"மெதுவா சொல்ல முடியற வரைக்கும் சொல்லியாச்சு சார். இதுக்கு மேல மென்மையாக்கினா அது பொய். ஒரு வரிய மாத்தினா மத்த வரிகளையும் யாரும் நம்ப மாட்டா."

விசாரணைக்கு அடையாறு அலுவலகத்துக்கு என்னையும் அழைத்தார்கள், பேசுவதை உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்ல. சுவரில் பெரிய திரையில் இயக்குநர். மேசையின் ஒரு பக்கம் அந்தப் பெண், எதிரில் டெக்னீஷியன். ஹெல்மெட் வரியையும் சிலம்பத்தையும் நான் விளக்கியதும் இயக்குநர் முகம் தளர்ந்தது. மிரட்டல் எதுவுமே இல்லையா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

"இல்லை" என்றேன். பிறகு கடைசி வரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தேன்.

டெக்னீஷியன் நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று இயக்குநர் அவரைக் கேட்டார். அவர் பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லும் தடுக்கித் தடுக்கி வந்தது. அதிகாரி வாக்கியத்தை முடித்துக்கொடுக்க வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். டெக்னீஷியன் முடிக்கும்வரை காத்திருந்து, சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அக்கா என்ன சாவுகிராக்கின்னா எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்க திட்டித் திட்டியே நான் ஹெல்மெட் போட ஆரம்பிச்சேன். ஆனா குரூப்ல அத்தினி பேரு முன்னாடி அந்த வார்த்த... ஸ்கூல்லயும் அதான் சொன்னாங்க."

அந்தப் பெண் எழுந்து நின்றார். "தப்பு எம்பேர்லதான். வாய்ல வந்துச்சி, அட்சிட்டேன். நீ அதுக்குத்தான் போனன்னு எனக்குத் தெர்லப்பா. மனசுல வச்சிக்காத. குரூப்லயும் நானே எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன்."

டெக்னீஷியன் சரி என்று தலையை ஆட்டினார். அங்கேயே, எங்கள் எதிரிலேயே அந்தப் பெண் மன்னிப்பை அடித்து அனுப்பினார். அவர் வேலைக்குத் திரும்பலாம் என்றார் இயக்குநர். செய்திகளைக் கைப்பேசி மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு யார்மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும், அப்படிப் புகார் வந்தால் முதலில் என்னிடம் அனுப்ப வேண்டும் என்றும் அதிகாரியிடம் சொன்னார்.

வெளியே வந்தபோது படிக்கட்டில் அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கோசரம் அந்த வரிய வுட்ருவீங்கன்னு நெனச்சேன்."

"விட்டிருந்தா அவர் அங்க உக்காந்துண்டு மறுபடியும் வாயை மூடிண்டிருப்பார்."

"அது கரீட்டுதான்" என்றார். கொஞ்சம் யோசித்து, "எங்க பேச்ச இங்கிலீஷ்ல ஒருத்தரு சொல்லி இன்னிக்குத்தான் கேட்டேன் மேடம். இன்னா சொன்னீங்கன்னு புரியல. ஆனா நீங்க சொல்லச்சொல்ல ஸ்க்ரீன்ல இருந்த சாரு மூஞ்சி மாறிக்கினே வந்துச்சி பாருங்க, நம்ம பேச்சுக்கு ஒரு மரியாத கீதுன்னு தோணுச்சி."

இருபது வருடத்தில் எத்தனையோ பத்திரங்களில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றையும் இரண்டாவது முறை எடுத்துப் பார்த்ததில்லை. அந்த நான்கு கட்டப் பட்டியலை மட்டும், பெயர்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒரு நகல் வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பில் அப்படி என்ன பெரிய வேலை என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் தயங்காமல் அதை எடுத்துக் காட்டுகிறேன்.