ஆயாம்மாவின் மகள் எழுதிய அனுமதிக் கடிதம்

அந்தக் கடிதத்தை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. படத்தின் திரைக்கதையையே ஒரு மாலையில் எழுதி முடித்தவள் நான். ஒரு பக்கக் கடிதத்துக்கு மூன்று நாள்.

அப்போது தஞ்சாவூரில் விஸ்காம் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் சினிமா படிப்பு. கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். என் படத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. வலங்கைமானிலிருந்து சற்றுத் தள்ளி, வயல்களுக்கு நடுவே நான் படித்த தனியார் பள்ளி இருந்தது. என் அம்மா அங்கே பதினோரு வருடமாக ஆயா. வேறு பள்ளியை நான் ஏன் தேட வேண்டும்?

என் படம் அம்மாவைப் பற்றியதுதான். ஒன்பது கழிப்பறைகளைத் தினமும் கழுவுகிற ஒரு பெண், அவற்றில் ஒன்றில்கூடத் தான் போக முடியாமல் மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கழிப்பறை உண்டு, ஆசிரியர்களுக்குப் பூட்டுப் போட்ட தனிக் கழிப்பறை உண்டு. ஆயாக்களுக்கு, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால் மேடுதான். நடவு நேரத்தில் வயல் முழுக்க ஆள் இருக்கும். அறுப்பு முடிந்துவிட்டாலோ மறைவே இருக்காது. ஆக, வருடத்தில் பாதி நாள் அதுவும் இல்லை. அம்மா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடுகிறவளைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். 'வாயால் கேட்காதீர்கள். வாயால் கிடைத்த அனுமதி, காவலாளி கேட்டைச் சாத்தும்போது உதவாது' என்பார். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்தெந்த அறை, எத்தனை பேர், என்னென்ன கருவி, மின்சாரம் யாருடையது, ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு, பள்ளிப் பிள்ளைகள் படத்தில் வருவார்களா, வந்தால் பெற்றோர் கையெழுத்து வாங்கியாயிற்றா, பள்ளியின் பெயர்ப்பலகை தெரியுமா, படம் எங்கே திரையிடப்படும், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கூடவே மூன்று இணைப்புகள்: துறைத்தலைவரின் சான்றுக் கடிதம், கதைச் சுருக்கம், குழுவினர் பட்டியலும் அவர்களின் அடையாள அட்டை நகலும்.

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று நானும் பிசகாமல் எழுதினேன். விடுமுறை நாளான ஞாயிறு, காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை. ஒரு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், கழிப்பறைப் பகுதி. பன்னிரண்டு பேர். இரண்டு கேமரா, மூன்று விளக்கு, ஒலிப்பதிவுக் கருவி. மின்சாரத்துக்கு எங்கள் ஜெனரேட்டர். சுவரில் ஆணி அடிக்க மாட்டோம். பள்ளியின் பெயரோ சீருடையோ எங்கும் வராது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் யாரிடம் போய் எதைக் கேட்டாலும், நீ யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விதான் முதலில் வரும். அதைச் சொல்லிவிட்டால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி. தாலுகா ஆபீசிலிருந்து உரக்கடைவரை அப்படித்தான். அந்தப் பழக்கத்தில், முதல் பத்தியிலேயே 'இப்பள்ளியின் முன்னாள் மாணவியும், இங்கு ஆயாவாகப் பணிபுரிபவரின் மகளுமாகிய நான்' என்று எழுதினேன். அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதற்காகவே ஒரு நாள் செலவழித்தேன். எவ்வளவு பெரிய மக்கு நான்!

பள்ளி அலுவலகத்தில் கடிதத்தை வாங்கி, முத்திரை குத்தி, வந்த தபால் பதிவேட்டில் எண் போட்டார்கள். நகலில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். முதல்வர் மேடம் பார்த்துவிட்டுத் தாளாளரிடம் கேட்பார்கள், நான்கு நாள் கழித்து வா என்றார் எழுத்தர். ஏதோ விருது வாங்கியவளைப் போல பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் மாலை அம்மா வீட்டுக்கு வந்து கொல்லைக்குப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"நீ குடுத்த லெட்டர மேடம் படிக்கச் சொன்னாங்க" என்றாள்.

"உன்னையா?"

"சத்தமா படிங்க ஆயாம்மான்னாங்க. கிளார்க் சார் நின்னுட்டு இருந்தாரு. பின்னாடி ஒரு கதை இருந்துச்சே, அதையும் படிச்சேன்."

அம்மா எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல் நன்றாகவே படிப்பாள். அவள் தண்ணீர் குடிக்காததையும், வாய்க்கால் மேட்டில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பதையும், நான் எழுதிய தமிழில், ஒரு ஆண்பிள்ளை முன்னால் அவளே வாய்விட்டுப் படித்திருக்கிறாள்.

"நீங்க சொல்லாம உங்க பொண்ணுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. நான் சொல்லல மேடம்னேன். நெசந்தான? எப்பவாவது உங்கிட்ட சொல்லியிருக்கனா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன்டி எழுதுன?"

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய் என்று எனக்கே தெரிந்ததால் சொல்லவில்லை. நல்ல கதை கிடைத்த சந்தோஷத்தில் எழுதினேன். அதுதான் உண்மை.

மறுநாள் நானே போனேன். முதல்வர் என்னை உட்காரச் சொன்னார். அந்த அறையில் அம்மா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பது நினைவுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"கதை நல்லாத்தாம்மா இருக்கு. பேரு போடலன்னாலும் இங்க எடுத்தா இந்த ஸ்கூல்னுதான நெனைப்பாங்க? ஆயாம்மாவ இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு தாளாளர் சார் சொல்லிட்டாரு. நான்தான் பொறுங்க சார்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எனக்கு பர்மிஷனே வேணாம் மேடம். லெட்டரத் திருப்பிக் குடுத்துருங்க."

"நம்பர் போட்டாச்சும்மா. உன் காலேஜ் லெட்டரும் அதோட இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா, ஸ்கூல் ஏன் மறுத்துச்சு, என்ன மறைச்சுதுன்னு வரும். அதனால பர்மிஷன் குடுத்துடறோம். நீ வேற கதை எழுதிக் குடு. அப்புறம் ஆயாம்மாகிட்ட இருந்து ஒரு லெட்டர்."

"என்ன லெட்டர்?"

"இதுல எழுதியிருக்கறது இந்த ஸ்கூல்ல இல்ல, எங்களுக்கு எல்லா வசதியும் இருக்குன்னு. நீயே எழுதிடு. உனக்குத்தான் தமிழ் நல்லா வருதே."

வேலை போனால் போகட்டும் என்று கோபத்தில் எழுந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வேலை என்னுடையது இல்லை. அப்பா இல்லாத வீட்டில் என்னையும் தம்பியையும் அம்மா அந்த வேலையில்தான் கரை சேர்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சோற்றில் நான் வீரம் காட்ட முடியாது.

எழுதினேன். 'இப்பள்ளியில் பணிபுரியும் ஆயாக்களுக்குக் கழிப்பறை, குடிநீர் உள்ளிட்ட அனைத்து வசதிகளும் செய்து தரப்பட்டுள்ளன என்பதை மனமுவந்து தெரிவித்துக்கொள்கிறேன்.' இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மனமுவந்து என்ற சொல்லை யாரும் போடச் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன். அம்மா ஒரு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். இன்றைக்கும் அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

புதிய கதை, மதிப்பெண் அட்டையை ஒளித்து வைக்கும் ஒரு மாணவனைப் பற்றியது. ஊரில் நூறு பேர் எடுத்த கதை. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் பள்ளி முத்திரை விழுந்தது. அனுமதிக் கடிதம் நிபந்தனைகளோடு வந்தது. ஞாயிறு ஒரு நாள் மட்டும். முத்திரையிட்ட கதையைத் தவிர எதையும் எடுக்கக் கூடாது. கழிப்பறைப் பகுதியில் கேமரா கூடாது. பட்டியலில் உள்ள பன்னிரண்டு பேரைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. குழுவினர் ஆசிரியர் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். படப்பிடிப்பு முடியும்வரை பள்ளி ஊழியர் ஒருவர் உடன் இருப்பார்.

அந்த ஊழியர் அம்மாதான்.

ஞாயிற்றுக்கிழமை சீருடைப் புடவையில், சாவிக்கொத்தோடு, எங்களுக்கு முன்பே வந்து நின்றாள். அறைகளைத் திறந்துவிட்டாள். விளக்குகளின் வயரில் யாரும் தடுக்கி விழாமல் இருக்க ஓரமாய் இழுத்துப் போட்டாள். என் தோழிகள் கேட்டபோதெல்லாம் ஆசிரியர் கழிப்பறையைத் திறந்துவிட்டு, அவர்கள் வரும்வரை வெளியே நின்றாள். ஜெனரேட்டர் கொண்டுவந்த அண்ணனும் இரண்டு முறை போனார். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தபோது அம்மா சாப்பிட்டாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு ஒரு காட்சி முடிந்து அவளிடம் போனேன்.

"அம்மா, இன்னிக்கு மேடம் இல்ல, யாரும் இல்ல. சாவியும் உன் கையிலதான் இருக்கு. போயிட்டு வா."

"வேணாம்."

"யாரும்மா பாக்கப் போறாங்க?"

"லிஸ்ட்ல இருக்கறவங்கதான போகலாம்னு போட்டுருக்கு? நீ எழுதிக் குடுத்த லிஸ்ட்ல என் பேரு இல்லயே."

குத்திக் காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நிபந்தனையைப் படித்திருந்தாள், அதன்படி நடந்தாள், அவ்வளவுதான். பட்டியல் என் சட்டைப்பையில் இருந்தது. பன்னிரண்டு பெயர். ஜெனரேட்டர் அண்ணனின் ஆதார் நகலைக்கூட அலைந்து வாங்கி இணைத்தவள் நான். யாருக்காகப் படம் எடுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனோ அவளை மட்டும் எழுதத் தோன்றவில்லை. ஒரு வரி. உதவியாளர் என்று போட்டிருந்தால் போதும்.

ஐந்து மணிக்குக் குழு கிளம்பியது. அம்மா வாளியையும் பினாயிலையும் எடுத்துக்கொண்டு போய், நாங்கள் பயன்படுத்திய கழிப்பறையைக் கழுவினாள். நான் வாசலில் நின்றேன்.

"இப்பவாவது போம்மா. நான் இங்கயே நிக்கறேன்" என்று கெஞ்சினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கழுவிட்டேன்டி" என்றாள் அம்மா. "இனிமே யாரும் போகக் கூடாது."

வெளியே வந்து கதவைப் பூட்டினாள். பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.