புள்ளி வைத்த இரவுகள்

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் தாதிமார் டியூட்டி மாற்றிக்கொண்டால் புள்ளி வைப்பது வழக்கம். மாத அட்டவணையில் காலைக்கு M, பின்னேரத்துக்கு E, இரவுக்கு N. ஒருத்தியின் இரவை இன்னொருத்தி எடுத்தால், எடுத்தவளின் கட்டத்தில் N போட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி. கேள்வி வந்தால் அது மாற்றி எடுத்த டியூட்டி என்று தலைமைத் தாதியான பொறுப்பு மிஸ்ஸிக்குத் தெரியவேண்டுமே. அட்டவணை கடதாசியிலிருந்து கணினிக்குப் போனபோது புள்ளியும் கூடவே போனது.

அந்த நோன்பு மாதம் என் வரிசை முழுக்கப் புள்ளி. என்னோடு வேலை செய்த முஸ்லிம் பிள்ளை ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, விடிய முதல் சாப்பிடும் ஸஹர் நேரத்துக்கு வீட்டில் நிற்க ஆசைப்பட்டாள். அவளுடைய இரவுகளை நான் எடுத்தேன், என் காலைகளை அவள் எடுத்தாள். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு என்னை ஊருக்கு, கொக்கிளாய்க்கு அனுப்பிவிட்டு எனக்காக நின்றவள் அவள்தான். இதில் தியாகம் ஒன்றும் இல்லை, கைமாற்றுத்தான்.

மாதம் முடிய முதல் வேறொரு மிஸ்ஸி பிரசவ விடுமுறையில் போனார். அவருடைய மிச்ச இரவுகளை, ஆகக் குறைந்த மணித்தியாலம் நின்றவருக்குக் கொடுப்பதென்று பொறுப்பு மிஸ்ஸி சொன்னார். நியாயமான பேச்சு. அடுத்த நாள் பலகையைப் பார்த்தால் அத்தனை இரவுக்கும் என் பெயர்.

பயந்துபோனேன். வேலைக்கு அல்ல, என் கைக்கு. முதல்நாள் விடியப்புறம் ஊசியில் இன்சுலின் எவ்வளவு எடுத்தேன் என்று எனக்கே தெரியாமல், கொட்டிவிட்டுத் திரும்ப எடுத்திருந்தேன். பார்த்தபடியால் தப்பியது. இப்படியே இரவுகள் போனால் ஒருநாள் பார்க்காமலே குத்திவிடுவேன் என்ற எண்ணம் நெஞ்சில் குந்திக்கொண்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் என் விரல்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

எனக்குக் கோபம் வந்தால் கால் பின்னுக்கும் வாய் முன்னுக்கும் போகும். பொறுப்பு மிஸ்ஸியிடம் போய், இந்த வாட்டில் என்னைவிட விழித்திருந்தவர் யாரென்று கேட்டேன். அவா கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆகக் குறைந்த மணித்தியாலம் எனக்குத்தான். கணினிக்கு என்மேல் என்ன கோபமோ என்றேன். அவா சிரிக்கவில்லை. அட்டவணையைச் செய்துகொடுத்த ஒபிஸ்காரரைக் கூப்பிட்டார்.

அவர் மூலையில் இருந்த சின்னப் பட்டியலைக் காட்டினார். M என்றால் ஆறு, E என்றால் ஆறு, N என்றால் பன்னிரண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள குறியை இந்தப் பட்டியலில் தேடி, நேரே இருக்கிற மணித்தியாலத்தை எடுத்துக் கூட்டுமாம். குறி கிடைக்காவிட்டால் பிழை என்று காட்டும். ஓய்வு நாட்களின் வெறுங்கட்டங்களெல்லாம் பிழை காட்டித் திரை நிறைந்ததால், கிடைக்காவிட்டால் பூச்சியம் போடச் சொல்லி வைத்தாராம்.

என் கட்டம் ஒன்றின்மேல் விரலை வைத்தேன்.

"இதில புள்ளி இருக்கே. பட்டியலில இல்லையே."

அவர் பட்டியலை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தார். அந்தப் பட்டியலுக்கு N வேறு, புள்ளி வைத்த N வேறு. நான் வீட்டில் படுத்த நாளும், கண்விழித்து நின்ற இரவும் அதற்கு ஒரே பூச்சியம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் பட்டியலின் கீழே புள்ளி வைத்த மூன்று குறிகளையும் சேர்த்து, தேடும் இடத்தையும் அதுவரை நீட்டினார். கூட்டுத்தொகைகள் மாறின. என் பெயர் ஒரே தாவலில் உச்சிக்குப் போனது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பிறகுதான் அடியில் யாரென்று பார்த்தோம். அவள். புள்ளி வைத்த காலைகளும் இப்போது கணக்கில் வந்திருந்தன, ஆனால் எனக்குப் பன்னிரண்டு மணித்தியால இரவைக் கொடுத்து ஆறு மணித்தியாலக் காலையை வாங்கியவளுக்குத் தொகை குறையாமல் என்ன செய்யும்? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

நோன்பில் இரவுத் தொழுகைக்கு ஆக விசேஷமான கடைசிப் பத்து நாளும் அந்த இரவுகளுக்குள்தான் வந்தன. பொறுப்பு மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நானே நிற்கிறேன் என்று சொல்ல ஒரு சொல் போதும். வழக்கமாக முன்னுக்கு ஓடுகிற வாய் அன்று அசையவில்லை. விரல்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது திரையையும் என்னையும் ஒருதரம் பார்த்தாள்.

"ஓம் மிஸ்ஸி, நான் நிக்கிறன்" என்றாள். பிறகு எனக்கு மட்டும் கேட்க, "அக்கா, நீங்கள் போய் நித்திரை கொள்ளுங்கோ" என்றாள். அவள் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்று பகல் முழுக்க நித்திரை கொண்டேன். அடுத்த நாள் புதிய அட்டவணையைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அவளுடைய வரிசையில் N, N, N என்று வரிசையாக இருந்தது. ஒன்றிலும் புள்ளி இல்லை, எல்லாம் அவளுக்கே விழுந்த இரவுகள்.